வீட்டு வலையமைப்பில் பெயர்த்தேடல்: உள்ளூர் ரிசால்வரின் கேஷும் உள்பெயர்களும்

இணையத்தில் ஒரு பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண் முகவரியைத் தேடித் தரும் அமைப்பு டி.என்.எஸ். எனப்படுகிறது. பால் மொக்கபெட்ரிஸ் 1983-ஆம் ஆண்டு இதன் முதல் வரையறையை வெளியிடுவதற்கு முன்பு, ஆர்ப்பாநெட்டில் இணைந்திருந்த கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் ஒரே கோப்பில் தொகுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு நிலையமும் அக்கோப்பை அவ்வப்போது பிரதி எடுத்து வைத்துக்கொண்டது. கணினிகள் பெருகியதும் அந்த முறை தாங்காமல் போகவே, பெயர்களை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கையும் அதற்குப் பொறுப்பானவரிடமே விட்டுவிடும் டி.என்.எஸ். பிறந்தது. இணையம் இவ்வாறு முன்னேறியிருக்க, வீட்டுக்குள் இருக்கும் வலையமைப்பு பெரும்பாலும் அந்தப் பழைய கோப்பின் நிலையைக்கூட எட்டவில்லை: கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி 192.168.1.20, அச்சுப்பொறி 192.168.1.30, வாசல் கேமரா 192.168.1.41 என்று வீட்டார் எண்களை மனப்பாடம் செய்கிறார்கள். ரௌட்டர் மறுதொடக்கம் ஆனதும் அந்த எண்களும் மாறிப்போகின்றன.

இந்நிலையைச் சரிசெய்ய வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு டி.என்.எஸ். ரிசால்வரை நடத்தலாம் என்பது பலரும் அறிந்த தீர்வு. அதற்கு ஆதரவாக இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன: விடைகளைத் தேக்கி வைப்பதால் இணையம் விரைவாகிறது என்பது ஒன்று, வீட்டுக் கருவிகளுக்கு விரும்பிய பெயர்களைச் சூட்டலாம் என்பது மற்றொன்று. முதல் காரணம் மிகைப்படுத்தப்படுகிறது என்பதும், இரண்டாவதே உண்மையான பயன் என்பதும், அப்பயனும் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியும் அந்த ஒரே ரிசால்வரை மட்டும் கேட்கும்போதுதான் கிட்டுகிறது என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்படுகின்றன.

கேட்பவர், தேடுபவர், அறிந்தவர்

ஒரு பெயர்த்தேடலில் மூன்று தரப்பினர் உள்ளனர். கைப்பேசி, மடிக்கணினி போன்ற ஒவ்வொரு கருவியிலும் கேள்வி கேட்க மட்டுமே தெரிந்த ஒரு சிறு நிரல் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் அதன் உரிமையாளர் சார்பில் விடை வைத்திருக்கும் சர்வர்கள் மறுமுனையில் இருக்கின்றன. இவை அதிகாரபூர்வ சர்வர்கள். இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று, கருவியின் கேள்வியை வாங்கி, விடை கிடைக்கும்வரை அலைந்து, கிடைத்ததைக் கருவியிடம் ஒப்படைப்பதோடு ஒரு பிரதியைத் தன்னிடமும் வைத்துக்கொள்வது ரிசால்வர். அப்பிரதிகளின் தொகுப்பே கேஷ். வழக்கமாக இந்த நடுவர் இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் கட்டடத்திலோ, கூகுள், கிளவுட்ஃபிளேர் போன்ற பொதுச் சேவையாளரிடமோ இருக்கிறார்.

வீட்டுக்குள் வைக்கும் ரிசால்வர் இரண்டு விதமாக இயங்கலாம். முழுத் தேடல் செய்யும் ரிசால்வர், ‘a’ முதல் ‘m’ வரை பெயரிடப்பட்ட 13 வேர் சர்வர்களில் ஒன்றில் தொடங்கி, அங்கிருந்து `.org` அல்லது `.in` சர்வருக்கும், அங்கிருந்து அந்தப் பெயரின் அதிகாரபூர்வ சர்வருக்கும் தானே போய்க் கேட்கிறது, நெதர்லாந்தின் என்.எல்.நெட் லேப்ஸ் உருவாக்கிய அன்பவுண்ட் இவ்வகையில் பரவலாகப் பயன்படுவது. கேள்வியை மேலே இருக்கும் இன்னொரு ரிசால்வருக்குக் கைமாற்றிவிட்டு, வரும் விடையைத் தேக்கிக்கொள்வது இரண்டாம் வகை. சைமன் கெல்லி எழுதிய `dnsmasq` இதன் சிறந்த எடுத்துக்காட்டு. முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சேவையையும் அதே நிரல் செய்வதால், ஒரு கருவிக்கு முகவரி கொடுத்த கணத்திலேயே அதன் பெயரும் அதற்குத் தெரிந்துவிடுகிறது. திறந்த மூல ரௌட்டர் மென்பொருளான ஓபன்டபிள்யூஆர்டியும், விளம்பரத் தடுப்புக்குப் பெயர்பெற்ற பை-ஹோலும் உள்ளுக்குள் இதையே நம்பியிருக்கின்றன. பெயர் சூட்டுவதுதான் முதன்மை நோக்கம் என்றால் இந்த இரண்டாம் வகையே போதும்.

கேஷ் உண்மையில் எவ்வளவு தருகிறது

ஒவ்வொரு விடையோடும் அதை எத்தனை நொடிகள் வைத்திருக்கலாம் என்ற எண்ணும் சேர்ந்து வருகிறது, இதற்கு டி.டி.எல். என்று பெயர். அந்தக் காலம் முடியும்வரை ரிசால்வர் யாரையும் கேட்காமல் தன் பிரதியிலிருந்தே விடை சொல்கிறது. வீட்டுக்குள் இருந்து வரும் விடைக்கு ஒரு மில்லிநொடிகூட ஆவதில்லை; வெளியே போய் வரப் பத்து முதல் ஐம்பது மில்லிநொடிகள் ஆகலாம். கணக்கு இதுவரை கேஷுக்குச் சாதகமாகவே இருக்கிறது.

ஆனால் பெரிய இணையதளங்கள் தம் பாரத்தைப் பல சர்வர்களுக்கு மாற்றி மாற்றிப் பகிர்வதற்காக 60 நொடி, 300 நொடி என்று மிகக் குறுகிய காலங்களையே கொடுக்கின்றன. நான்கு பேர் வாழும் வீட்டில் ஒரே பெயரை ஐந்து நிமிடத்துக்குள் இன்னொருவர் கேட்கும் வாய்ப்பு குறைவு. அதே நபர் மீண்டும் கேட்டால், அவருடைய உலாவியும் இயங்குதளமும் வைத்திருக்கும் சொந்தப் பிரதியே விடை சொல்லிவிடும். மாறாக, லட்சக்கணக்கானோர் கேட்கும் பொது ரிசால்வரில் புகழ்பெற்ற பெயர் ஏதும் எப்போதும் தயாராகவே இருக்கும். ஆகவே முழுத் தேடல் செய்யும் வீட்டு ரிசால்வர், அடிக்கடி கேட்கப்படாத பெயர்களில், முன்பைவிடச் சற்று மெதுவாகவும் இருக்கக்கூடும். ஒவ்வொரு முறையும் வேரிலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்பது உண்மைதான். `.com` சர்வர்களின் விவரம் நீண்ட காலம் தேங்கி நிற்கும். இருந்தாலும் கடைசிப் படியைத் தானே ஏறித்தான் ஆக வேண்டும்.

இக்குறையைத் தணிக்க அன்பவுண்டில் `prefetch` என்ற வசதி உண்டு: டி.டி.எல்.லில் கடைசிப் பத்தில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும்போது யாரேனும் கேட்டால், இருக்கும் விடையைக் கொடுத்துவிட்டுப் புதியதைப் பின்னணியில் வாங்கி வைத்துக்கொள்ளும். இது தீங்கற்றது. டி.டி.எல்.லைச் செயற்கையாக நீட்டுவது அப்படிப்பட்டதன்று. ஒரு தளம் தன் சர்வரை மாற்றிய பிறகும் வீட்டு ரிசால்வர் பழைய முகவரியையே சொல்லிக்கொண்டிருக்கும். பக்கம் திறக்கவில்லை என்று வீட்டார் இணைப்பு நிறுவனத்தைக் குறைசொல்வார்கள். `dnsmasq` இத்தகைய நீட்டிப்பை ஒரு மணி நேரத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை என்பதிலிருந்தே அதன் ஆசிரியர் இவ்வசதியை எவ்வளவு தயக்கத்தோடு சேர்த்திருக்கிறார் என்பது விளங்கும்.

கேஷ் வேலை செய்கிறதா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ரிசால்வர் 192.168.1.2 என்ற முகவரியில் இருப்பதாகக் கொண்டால், கீழ்க்காணும் கட்டளையைச் சில நொடி இடைவெளியில் இருமுறை கொடுத்துப் பார்க்கலாம்.

```
dig @192.168.1.2 www.wikipedia.org
```

இரண்டாம் முறை `Query time` 0 அல்லது 1 ஆகக் குறைந்திருக்க வேண்டும்; விடை வரியில் உள்ள டி.டி.எல். எண், இடையில் கழிந்த நொடிகளின் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். நேரம் குறையாமல், எண்ணும் ஒழுங்கின்றி ஏறி இறங்கினால், விடைகள் வீட்டில் தேங்காமல் வெளியேயிருந்தே வருகின்றன என்று பொருள். ஒட்டுமொத்த நிலவரத்துக்கு `sudo pkill -USR1 dnsmasq` என்ற கட்டளையை அனுப்பினால், மேலே அனுப்பிய கேள்விகள் எத்தனை, வீட்டிலேயே விடை பெற்றவை எத்தனை என்பதை `dnsmasq` கணினியின் பதிவேட்டில் எழுதிவைக்கும். அதே இடத்தில், காலம் முடியாத விடைகளை இடமின்மையால் வெளியேற்ற நேர்ந்த எண்ணிக்கையும் காணப்படும். அது பூச்சியமாக இருக்கும்வரை கேஷின் அளவைக் கூட்டுவதால் பயனில்லை. `dnsmasq` தானாக வைத்துக்கொள்ளும் அளவு 150 பெயர்கள் மட்டுமே. இன்றைய இணையப் பக்கம் ஒன்றே பல பெயர்களைக் கேட்பதால் அதை 1000 அல்லது 2000 ஆக்குவது நியாயம். அதற்கு மேல் போவது அலங்காரம்.

இல்லாத பெயர்களும் தேங்குகின்றன என்பது பலர் கவனிக்காத ஒன்று. ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்பதும் ஒரு விடையே. அதை எவ்வளவு நேரம் நம்பலாம் என்பதை 1998-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2308 வரையறுத்தது. புதிதாக ஒரு பெயரைப் பதிவு செய்துவிட்டு, அது பரவுவதற்கு முன்பே அவசரப்பட்டுச் சோதிப்பவருக்கு ‘இல்லை’ என்ற விடை தேங்கிப்போய், சற்று நேரம் அதுவே திரும்பத் திரும்ப வரும்.

பெயரின் கடைசிப் பகுதி

வீட்டுக் கருவிகளுக்குப் பெயர் சூட்டும்போது எழும் முதல் கேள்வி, அந்தப் பெயர் எதில் முடிய வேண்டும் என்பது. நீண்ட காலம் அவரவர் மனம்போனபடி முடிவுகளை வைத்துக்கொண்டார்கள். அதன் விளைவுகளை அவர்கள் பின்னர் அனுபவித்தார்கள். தம் கணினிகளில் சோதனைத் தளங்களுக்கு `.dev` என்று வைத்துக்கொண்ட நிரலாளர்கள், அந்த முடிவு கூகுளின் உடைமையாகி, 2017-இன் இறுதியில் குரோம் உலாவி அதில் முடியும் எல்லாப் பெயர்களுக்கும் மறையாக்கப்பட்ட இணைப்பைக் கட்டாயமாக்கியதும், தம் தளங்கள் திறக்காமல் திகைத்தார்கள்.

`.local` என்பதும் தவிர்க்கப்பட வேண்டியது. 2013-இல் வந்த ஆர்.எஃப்.சி. 6762 அதைப் பல்முனைப் பெயர்த்தேடல் என்ற வேறொரு முறைக்கு ஒதுக்கியது. அம்முறையில் ரிசால்வர் என்று எவரும் இல்லை. கருவி தன் கேள்வியை 224.0.0.251 என்ற குழு முகவரிக்கு 5353-ஆம் போர்ட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல, அப்பெயருக்குரிய கருவியே பதில் தருகிறது. அச்சுப்பொறிகள் எந்த அமைப்பும் இல்லாமல் தாமே தென்படுவது இதனால்தான். `.local` பெயரை டி.என்.எஸ். ரிசால்வரிலும் பதிவு செய்தால், சில இயங்குதளங்கள் ரிசால்வரைக் கேட்கவே மாட்டா. சில, குழுவில் கேட்டுக் காத்திருந்து சலித்த பிறகே அதனிடம் வரும். ஒரு பெயர் ஒரு கணினியில் உடனே திறந்து, இன்னொன்றில் ஐந்து நொடி தயங்கினால், இந்த மோதலையே முதலில் ஐயுற வேண்டும்.

வீட்டுக்கென்றே முறையாக ஒதுக்கப்பட்ட முடிவு `home.arpa`. 2018 மே மாதம் ஆர்.எஃப்.சி. 8375 இதை அறிவித்தது. காதுக்கு இனிமையான பெயர் என்று இதை யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தொழில்நுட்பக் காரணங்களால் இதுவே பாதுகாப்பானது. டி.என்.எஸ். விடைகள் வழியில் மாற்றப்படவில்லை என்பதைக் கையொப்பங்களைக் கொண்டு சரிபார்க்கும் டி.என்.எஸ்.செக் முறையில், வேர் அடுக்கு 2010 முதல் கையொப்பமிடப்பட்டு வருகிறது. வேரில் இல்லாத எந்த முடிவையும் ‘இது இல்லை’ என்று வேரே கையொப்பமிட்டு உறுதி செய்வதால், தானே சரிபார்க்கும் ஒரு கருவி, வீட்டு ரிசால்வர் தரும் விடையைப் பொய்யென்று தள்ளிவிடலாம். `home.arpa` மட்டும் கையொப்பமற்ற பகுதியாக `arpa`வுக்கு அடியில் வேண்டுமென்றே விடப்பட்டிருப்பதால் இச்சிக்கல் எழுவதில்லை. ஐகேன் அமைப்பு 2024-இல் தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய `.internal` படிக்க எளிது, இனி எவருக்கும் விற்கப்படவும் மாட்டாது; ஆனால் மேற்சொன்ன வசதி அதற்கு இல்லை. ஓபன்டபிள்யூஆர்டி தானாக வைக்கும் `.lan` நடைமுறையில் சிக்கலின்றி ஓடினாலும் எந்த ஆவணத்தாலும் ஒதுக்கப்பட்டதன்று.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. பூட்டுக் குறியோடு உலாவியில் திறப்பதற்கு வேண்டிய சான்றிதழை, பொது இணையத்தில் இல்லாத பெயருக்கு லெட்ஸ் என்கிரிப்ட் முதலிய எந்தப் பொது நிறுவனமும் வழங்காது. சான்றிதழ் தேவைப்படுவோர் காசு கொடுத்துப் பதிவு செய்த சொந்தப் பெயரின் ஒரு கிளையை வீட்டுக்குப் பயன்படுத்துவதே வழி. அப்போதும், வழங்கப்படும் சான்றிதழ்கள் யாவும் பொதுப் பதிவேடுகளில் வெளியிடப்படுவதால், வீட்டில் என்னென்ன கருவிகள் உள்ளன என்பதை அப்பெயர்களே ஊருக்குச் சொல்லிவிடும். எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான ஒரே சான்றிதழ் வாங்கினால் இதைத் தவிர்க்கலாம்.

ஒரு வீட்டின் அமைப்பு

இணைப்பு நிறுவனம் கொடுத்த ரௌட்டர் 192.168.1.1 முகவரியிலும், எப்போதும் இயங்கும் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினி கம்பி இணைப்பில் 192.168.1.2 முகவரியிலும் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். முதலில் அந்தச் சிறு கணினிக்கு மாறாத முகவரியைக் கையால் அமைக்க வேண்டும். பிறருக்கு முகவரி வழங்கப் போவது தன் முகவரிக்கு இன்னொருவரைச் சார்ந்திருக்க முடியாது. அடுத்து ரௌட்டரின் டி.எச்.சி.பி. சேவையை நிறுத்த வேண்டும். இரண்டு டி.எச்.சி.பி. சர்வர்கள் ஒரே வலையமைப்பில் இருந்தால், யார் முந்திக்கொள்கிறாரோ அவருடைய சொல்லையே கருவி ஏற்கும். வீட்டில் பாதிக் கருவிகளுக்குப் பெயர்கள் தெரிந்து, பாதிக்குத் தெரியாமல் இருப்பதன் காரணம் பல வேளைகளில் இதுவே. பிறகு `/etc/dnsmasq.conf` கோப்பில் எழுத வேண்டியது இவ்வளவே:

```
interface=eth0
bind-dynamic
domain-needed
bogus-priv
no-resolv
server=9.9.9.9
server=1.1.1.1
cache-size=2000
domain=home.arpa
local=/home.arpa/
expand-hosts
stop-dns-rebind
dhcp-authoritative
dhcp-range=192.168.1.100,192.168.1.199,12h
dhcp-option=option:router,192.168.1.1
dhcp-host=00:00:5e:00:53:20,nas,192.168.1.20
dhcp-host=00:00:5e:00:53:30,printer,192.168.1.30
```

இவற்றுள் சில வரிகளே விளக்கம் வேண்டுபவை. `local=/home.arpa/` என்பது, வீட்டுப் பெயர் எதையும், தனக்குத் தெரியாவிட்டாலும், வெளியே போய்க் கேட்கக் கூடாது என்ற ஆணை. `domain-needed` புள்ளியில்லாத ஒற்றைச் சொற்களையும், `bogus-priv` 192.168 போன்ற தனியார் முகவரிகளின் பெயரைக் கேட்கும் தலைகீழ்த் தேடல்களையும் அவ்வாறே வீட்டுக்குள் நிறுத்துகின்றன. இந்த வரிகள் இல்லாத வீடுகளிலிருந்து கசியும் தலைகீழ்த் தேடல்கள் உலகளவில் மிகுந்து, அவற்றுக்கு ‘இல்லை’ என்று மட்டும் சொல்வதற்காகவே ஏ.எஸ்.112 என்ற தன்னார்வ ஏற்பாடு இயங்கிவருகிறது. `option:router` வரியை மறந்தால், சிறு கணினி தன்னையே இணையத்தின் வாசலாக அறிவித்துவிடும். பெயர்கள் சரியாகக் கிடைத்தும் எந்தப் பக்கமும் திறக்காது.

`stop-dns-rebind` பாதுகாப்புக்கானது. தீய நோக்கமுள்ள ஓர் இணையதளம் தன் பெயருக்கு முதலில் உண்மையான முகவரியையும், சில நொடி கழித்து 192.168.1.1 என்பதையும் விடையாகத் தந்தால், அப்பக்கத்தில் ஓடும் நிரல் தன் சொந்தத் தளத்தோடு பேசுவதாக உலாவியை நம்பவைத்து, வீட்டு ரௌட்டரோடு பேசத் தொடங்கலாம். மேலிருந்து வரும் விடையில் தனியார் முகவரி இருந்தால் அதை இவ்வரி நிராகரிக்கிறது. இதன் பக்கவிளைவையும் அறிந்திருக்க வேண்டும்: சொந்தப் பெயரின் பொதுப் பதிவிலேயே தனியார் முகவரியை எழுதி வைத்திருப்போருக்கு அப்பெயர் வீட்டில் மட்டும் திறக்காது. பதிவேட்டில் `possible DNS-rebind attack detected` என்ற வரி தென்பட்டால், அப்பெயரை `rebind-domain-ok` வரியில் விலக்கு அளித்துச் சேர்க்கலாம்.

டி.எச்.சி.பி. வாங்காமல் தன் முகவரியைத் தானே வைத்துக்கொண்டிருக்கும் கேமரா போன்ற கருவிகளை `/etc/hosts` கோப்பில் `192.168.1.41 camera` என்று எழுதினால் போதும். `expand-hosts` அதை `camera.home.arpa` என்றும் அறியச் செய்யும். இந்தக் கோப்பை மாற்றிய பிறகு நிரலுக்கு `HUP` சைகை அனுப்பினாலே அது மீண்டும் படித்துக்கொள்ளும். ஆனால் `dnsmasq.conf` கோப்பில் செய்த மாற்றத்துக்கு அது செவிசாய்க்காது, மறுதொடக்கமே தேவை. இந்த வேறுபாடு தெரியாமல் வீணான நேரம் அதிகம்.

கருவிகள் முகவரி கேட்கும்போது தம் பெயரையும் சொல்வதால், `dnsmasq` அவற்றைத் தானே பதிந்துகொள்கிறது. வசதியான இந்த ஏற்பாட்டில் ஒரு பொறி உண்டு: விருந்தினர் ஒருவரின் கணினி தன் பெயர் `wpad` என்று சொன்னால், சில கணினிகள் தம் இணையப் போக்குவரத்துக்கான அமைப்பை அந்தப் பெயருள்ள கருவியிடமிருந்தே தேடி வாங்கும். `dnsmasq` உடன் வரும் மாதிரிக் கோப்பில் இதைத் தடுக்கும் இரண்டு வரிகள் தரப்பட்டுள்ளன. அவற்றைச் செயல்படுத்துவது நல்லது.

அமைப்பு முடிந்ததும் `dig @192.168.1.2 nas.home.arpa` என்று கேட்டால் 192.168.1.20 வர வேண்டும்; அதன் டி.டி.எல். 0 என்று இருக்கும். உள்பெயர்களை எவரும் தேக்கக் கூடாது என்பதற்காக `dnsmasq` தானாக வைக்கும் மதிப்பு அது, பழுது அன்று. உலாவியில் வெறும் `nas` என்று தட்டினால் அது தேடுபொறிக்குப் போய்விடும் என்பதால் `nas/` என்று சாய்கோட்டோடோ முழுப் பெயராகவோ தர வேண்டும்.

கேள்விகள் தப்பிச் செல்லும் வழிகள்

இத்தனையும் சரியாக அமைந்த வீட்டிலும், காலையில் திறந்த `nas.home.arpa` மாலையில் திறக்காமல் போவதுண்டு. காரணம் பெரும்பாலும் ரிசால்வரில் இருப்பதில்லை. கருவி வேறு யாரையோ கேட்டிருக்கிறது.

இவ்வகைப் பிழைகளில் முதலிடம் ‘இரண்டாவது டி.என்.எஸ்.’ என்ற கட்டத்துக்கு உரியது. வீட்டு ரிசால்வர் நின்றுபோனால் கைகொடுக்கட்டும் என்று அதில் 8.8.8.8 என்று நிரப்புகிறார்கள். இரண்டாவது சர்வர் முதலாவதற்கு மாற்று என்று எல்லாக் கருவிகளும் கருதுவதில்லை. இரண்டும் ஒரே விடையைத் தரும் சமமானவை என்பதே அவற்றின் எண்ணம். லினக்ஸின் பல பதிப்புகளில் உள்ள `systemd-resolved`, முதலாவது ஒருமுறை பதில் தராமல் போனால் இரண்டாவதற்கு மாறி, அது பதில் தந்துகொண்டிருக்கும்வரை அங்கேயே தங்கிவிடுகிறது. அல்பைன் லினக்ஸ் போன்றவற்றில் உள்ள `musl` நூலகம் எல்லாச் சர்வர்களையும் ஒரே நேரத்தில் கேட்டு, முந்தி வருவதை ஏற்கிறது. கூகுளைக் கேட்ட கருவிக்கு `nas.home.arpa` பற்றிக் கிடைப்பது மௌனம் அன்று. `NXDOMAIN`, அதாவது ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்ற முறையான விடை. விடை வந்துவிட்டதால் கருவி வீட்டு ரிசால்வரிடம் திரும்பிப் போய்க் கேட்பதில்லை. ரிசால்வரைச் சில நொடிகள் மறுதொடக்கம் செய்ததற்கே ஒரு மடிக்கணினி நாள் முழுவதும் உள்பெயர்களை மறந்துவிடுவது இவ்வாறுதான். ஆகவே அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டும், அல்லது அதே பெயர்ப்பட்டியலைக் கொண்ட இரண்டாவது வீட்டு ரிசால்வரின் முகவரி அதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி ஐபிவி6. டி.எச்.சி.பி.யை நிறுத்தியதும் ரௌட்டர் வாய்மூடிவிட்டது என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஐபிவி6 இணைப்புள்ள ரௌட்டர், ‘இந்த வலையமைப்பின் வாசல் நான்’ என்று அவ்வப்போது ஒலிபரப்பும் அறிவிப்பிலேயே டி.என்.எஸ். முகவரியையும் சேர்த்துச் சொல்ல ஆர்.எஃப்.சி. 8106 இடம் தருகிறது. கருவி அதை ஏற்று, வீட்டு ரிசால்வரோடு இணைப்பு நிறுவனத்தின் ரிசால்வரையும் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. முன்பு சொன்ன அதே கோளாறு, யாரும் எந்தக் கட்டத்தையும் நிரப்பாமலே, வந்துசேர்கிறது. விண்டோஸில் `ipconfig /all`, லினக்ஸில் `resolvectl status` கட்டளைகளைக் கொடுத்து, 192.168.1.2 தவிர வேறு டி.என்.எஸ். முகவரி ஏதேனும், குறிப்பாக `fe80` என்றோ `2` என்ற இலக்கத்திலோ தொடங்கும் நீண்ட முகவரி, இருக்கிறதா என்று பார்த்தால் உண்மை வெளிப்படும். சில ரௌட்டர்களில் அந்த அறிவிப்பிலிருந்து டி.என்.எஸ்.ஸை நீக்கும் தெரிவு உண்டு. இணைப்பு நிறுவனங்கள் பூட்டிக் கொடுக்கும் பல ரௌட்டர்களில் அது இல்லை. அத்தகைய வீட்டில், அந்த ரௌட்டருக்குப் பின்னால் சொந்த ரௌட்டர் ஒன்றை வைத்து, கருவிகள் அனைத்தையும் அதனோடு இணைப்பதைத் தவிர உறுதியான வழி கிடையாது.

உலாவிகளும் கைப்பேசிகளும் மறையாக்கப்பட்ட டி.என்.எஸ்.ஸைத் தாமே பயன்படுத்துவது மூன்றாவது. ஃபயர்பாக்ஸ் தானாக அதற்கு மாறும்முன் `use-application-dns.net` என்ற பெயரைக் கேட்டுப் பார்க்கிறது. `local=/use-application-dns.net/` என்ற வரியால் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் மாறாது. ஆனால் பயனர் தாமே அதை இயக்கியிருந்தால் இந்தச் சொல் எடுபடாது. ஆண்ட்ராய்டில் ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ தானியங்கு நிலையில் இருந்தால் சிக்கலில்லை. குறிப்பிட்ட சேவையாளரின் பெயர் எழுதப்பட்டிருந்தால் அக்கைப்பேசிக்கு வீட்டுப் பெயர்கள் எதுவும் தெரியா. அலுவலக வி.பி.என். ஓடும் மடிக்கணினியும் அப்படியே.

எந்தக் கருவி தப்பிச் செல்கிறது என்பதைக் கண்டறிய, `dnsmasq.conf` கோப்பில் `log-queries` என்று தற்காலிகமாகச் சேர்த்து, அக்கருவியில் ஒரு பக்கத்தைத் திறந்து, பதிவேட்டில் அதன் முகவரி தோன்றுகிறதா என்று பார்ப்பதே நேரான சோதனை. தோன்றாவிட்டால் கோளாறு கருவியின் பக்கம். தோன்றியும் விடை தவறானால் கோளாறு ரிசால்வரின் பக்கம். சோதனை முடிந்ததும் அந்த வரியை நீக்கிவிட வேண்டும்: நினைவக அட்டையில் ஓயாமல் எழுதுவது அதன் ஆயுளைக் குறைக்கும் என்பதோடு, வீட்டில் யார் எப்போது எதைப் பார்த்தார் என்ற பட்டியல் வீட்டில் ஒருவர் கையில் இருப்பது நல்லதன்று.

எல்லைகள்

வீட்டு ரிசால்வர் தனியுரிமையைத் தருகிறது என்ற கூற்றைக் கவனத்தோடு ஏற்க வேண்டும். `dnsmasq` மேலே அனுப்பும் கேள்விகள் மறையாக்கமின்றியே போகின்றன. அன்பவுண்ட் முழுத் தேடல் செய்தாலும், அதிகாரபூர்வ சர்வர்களுக்குச் செல்லும் கேள்விகளை வழியில் இருக்கும் இணைப்பு நிறுவனம் படிக்க முடியும். அன்பவுண்டை மறையாக்கத்தோடு ஒரு பொதுச் சேவையாளருக்குக் கைமாற்றச் செய்யலாம். அப்போது நம்பிக்கை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இடம்பெயர்கிறது, அவ்வளவே.

டி.என்.எஸ்.செக் சரிபார்ப்பை இயக்குவோர் கடிகாரத்தை மறக்கக் கூடாது. கையொப்பங்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. மின்சாரம் போனால் நேரத்தைக் காத்துவைக்கும் மின்கலம் இல்லாத சிறு கணினி, மின்சாரம் வந்ததும் பழைய தேதியில் எழுந்து, புதிய கையொப்பங்களை ‘இன்னும் தொடங்காதவை’ என்று நிராகரிக்கும். சரியான நேரத்தை வாங்க நேர சர்வரின் பெயரைத் தேட வேண்டும், அந்தத் தேடலும் நிராகரிக்கப்படும். நேர சர்வர் ஒன்றைப் பெயரால் அல்லாமல் எண் முகவரியால் குறித்து வைப்பது இந்தச் சுழலை உடைக்கும். மின்வெட்டுக்குப் பிறகு எல்லாப் பெயர்களும் `SERVFAIL` என்று வந்தால் முதலில் `date` கட்டளையைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

ரௌட்டரில் 53-ஆம் போர்ட்டை வெளியிலிருந்து உள்ளே திறந்துவிடுவது எக்காரணத்தாலும் கூடாது. யாவருக்கும் விடை சொல்லும் ரிசால்வரைப் பிறர்மீது பெருவெள்ளமாகத் தரவை ஏவும் தாக்குதலுக்குப் பயன்படுத்துவார்கள் என்று 2008-இலேயே ஆர்.எஃப்.சி. 5358 எச்சரித்தது. அதுபோல, சிறு கணினி ரௌட்டரிடமும் ரௌட்டர் சிறு கணினியிடமும் கேள்வியைக் கைமாற்றும்படி அமைத்துவிட்டால் ஒரே கேள்வி இருவருக்கிடையே சுற்றிக்கொண்டிருக்கும்; மேலே அனுப்பும் முகவரியாக ரௌட்டரை ஒருபோதும் குறிக்காமல் இருந்தால் இது நேராது.

பெயர் சூட்டத்தக்க கருவி எதுவும் இல்லாத, இரண்டு கைப்பேசிகளும் ஒரு தொலைக்காட்சியும் மட்டுமே உள்ள வீட்டுக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை. கேஷ் தரும் சில மில்லிநொடிகள் அதைப் பராமரிக்கும் உழைப்புக்கு ஈடாகா. ஏற்பாட்டைச் செய்துகொள்ளும் வீட்டார், ரௌட்டரின் எண் முகவரியையும் அதன் கடவுச்சொல்லையும், டி.எச்.சி.பி.யை மீண்டும் இயக்கும் பக்கம் எங்கே இருக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி ரௌட்டருக்கு அருகில் ஒட்டிவைப்பது நலம். சிறு கணினி பழுதாகும் நாளில் அமைத்தவர் ஊரில் இல்லாவிட்டாலும், மற்றவர்கள் அத்தாளைப் பார்த்துச் சில நிமிடங்களில் இணையத்தை மீட்டுக்கொள்ளலாம்.